கேஷுவால்டியில் யார் முதலில்? சிவப்பு, மஞ்சள், பச்சை: கேள்வி பதில்

பதில் சொல்பவர், கொங்குப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வருகிறவர்களைத் தரம் பிரிக்கும் செவிலியர். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் அதற்கு அடுத்து, பச்சை என்றால் காத்திருக்கலாம்.

திருப்பூரிலிருந்து: சிஸ்டர், பனியன் கம்பெனி கட்டிங் மெஷின்ல விரல் வெட்டுப்பட்ட பையன் ரத்தத்தோட உக்காந்திருந்தான். அவனுக்கப்பறம் வந்த ஒருத்தர், பைக்ல விழுந்தவராம், நடந்தே வந்தாரு. அவரத்தான் முதல்ல உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இதென்ன நாயமுங்க?

விரல் ரத்தம் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் துணி வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தால் நிற்கும். நாடி 88, மூச்சு 18, விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறது என்றால் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அவன் எதையும் இழக்கப் போவதில்லை. அவன் பச்சை. விரல் துண்டாகியே விட்டிருந்தால் கணக்கு வேறு.

பைக்கில் விழுந்தவரை எடுத்துக்கொள்வோம். ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே இடித்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. நாடி 122, மூச்சு 26, பிபி 112/88. உள்ளங்கை சில்லென்று வேர்த்திருக்கிறது. அந்த இடத்தில் மண்ணீரல் இருக்கிறது, அது கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். அவர் சிவப்பு: உடனே படுக்கை, இரண்டு கையிலும் பெரிய ஊசி, ரத்த வகைக்கு மாதிரி, வயிற்று ஸ்கேன்.

யார் அதிகமாகக் கத்துகிறார், யாருக்கு ரத்தம் அதிகம் என்பதல்ல கேள்வி. காத்திருந்தால் யாருக்கு என்ன போகும் என்பதுதான்.

ஈரோட்டிலிருந்து: நான் லேப் டெக்னீஷியன். பிபி 112 நார்மல்தானே? மஞ்சள் போதும். பயத்துல கூட பல்ஸ் ஏறும்.

பயத்தில் ஏறும் என்பது சரி. பிபி விஷயத்தில்தான் ஏமாந்துவிடுகிறோம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் போகும் வரைக்கும் மேல் அளவு விழாமலே நிற்கலாம். ரத்தக்குழாய்கள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் கை சில்லிடுகிறது, கீழ் அளவு ஏறுகிறது. 112/88 என்றால் இடைவெளி வெறும் 24. நாடி எண் மேல் பிபியைத் தாண்டிவிட்டது என்பதையும் பாருங்கள். பிபி விழுந்த பிறகு சிவப்பு கொடுத்தால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம்.

மூச்சைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். எண்ணாமலே 20 என்று எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பல்லடத்திலிருந்து: எனக்கு மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு மூணு மணி நேரம் உக்கார வெச்சாங்க. இதுக்குப் பேர்தான் தரம் பிரிக்கறதா?

காத்திருக்க வைத்தது தப்பில்லை. வலி ஊசியும் கட்டையும் போடாமல் உட்கார வைத்திருந்தால் அது தப்பு. விரல் வெளுத்தாலோ மரத்தாலோ எழுந்து வந்து சொல்லுங்கள், நிறம் மாறும். ஒருமுறை கொடுத்த நிறம் கடைசிவரை நிற்பதல்ல.

அவிநாசியிலிருந்து: 108-ல வந்தா முன்னாடி பாப்பாங்களா?

இல்லை.

கோபியிலிருந்து: அப்பா ராத்திரி தரையில படுத்திருந்தப்ப கட்டுவிரியன் கடிச்சிருச்சுங்க. பல்லுத் தடமே தெரியல, வீக்கமில்ல, நல்லாப் பேசறாரு. பச்சைதானுங்களே?

இல்லவே இல்லைங்க. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாம்புக்கடி எதுவுமே பச்சைக்கு வராது. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, பிறகு இமை சொருகுதல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு. 20 நிமிட ரத்த உறைதல் சோதனையில் இவர்கள் ரத்தம் வழக்கம்போலவே உறையும், அதை நம்பி யாரையும் அனுப்பிவிடக் கூடாது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 30 வரை எண்ணியவர் 15-இல் நின்றால், அல்லது இமை இறங்கினால், அந்த நிமிடமே சிவப்பு. குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாதபோது புரையேறும்.

மீண்டும் ஈரோடு: இப்படி எல்லாத்தையும் மேல தூக்கினா சிவப்பு ரூம் நிரம்பிரும். நெஜமான மாரடைப்புக்கு பெட் இருக்காது.

நியாயமான கவலைதான். சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே போடுவது வழக்கம், அதற்கு விலையும் உண்டு. எத்தனை பேரை அப்படித் தூக்கலாம் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை.

காங்கயத்திலிருந்து: பஸ் கவுந்து முப்பது பேர் வந்தா, உசுரு ஊசலாடறவங்களத்தானே முதல்ல?

சாதாரண நாளில் ஆமாம், நாடி நின்றவருக்கே எல்லாக் கையும் ஓடும். முப்பது பேர் ஒன்றாக வந்து, கையாட்கள் ஐந்து பேர்தான் என்றால் முறை மாறுகிறது. நடக்கிறவர்கள் ஒரு ஓரம். மூச்சில்லாதவரின் தாடையைத் தூக்கி வழி திறந்து பார்ப்போம். அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு அட்டை, அடுத்தவரிடம் நகர்ந்துவிட வேண்டும். ஒருவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்க இரண்டு பேர் நின்றால், காப்பாற்றக்கூடிய மூன்று சிவப்புகள் போய்விடும்.

சேவூரிலிருந்து: ஆம்புலன்ஸ்ல வந்தா டோக்கன் வேண்டாமுங்களா?

மேலே அவிநாசிக்குச் சொன்னதைப் படிங்க.

சத்தியிலிருந்து: அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீந்துபோச்சு, எந்தக் கலருங்க?

புறநோயாளிப் பிரிவு, காலையில்.

மறுபடி ஈரோடு: சரி, அந்த பைக்காரர். பத்து நிமிஷத்துல பல்ஸ் 96 ஆயிருச்சுன்னா மஞ்சளுக்கு இறக்கலாமில்ல?

கை சூடாகி, மூச்சு 20-க்குள் வந்து, வயிற்றுவலி கூடாமல் இருந்தால் டாக்டர் இறக்கலாம். ஸ்கேன் பார்க்கும் வரை நான் இறக்க மாட்டேன்.