பழைய பாட்டிலின் அடியில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. இது கையால் ஊதிய பாட்டில்களின் அடியில் கம்பி ஒட்டிய இடத்தில் விழும் பான்டில் அடையாளமா? 1860-க்கு முந்தைய பாட்டில் என்று சொல்லலாமா?

தழும்பை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். முதலில் பாட்டிலின் வாயைப் பாருங்கள். அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் விழுந்து பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டின் மேல் நகத்தை வைத்து அப்படியே மேலே கொண்டு போங்கள். கோடு கழுத்தைத் தாண்டி வாய் விளிம்பின் மேலேயும் ஏறினால் அது இயந்திரத்தில் செய்தது, அடியில் என்ன இருந்தாலும் சரி.

வாயால் ஊதிச் செய்த காலத்தில் அச்சு கொடுத்தது உடம்பையும் கழுத்தையும்தான். ஊதுகுழாயிலிருந்து பிரித்த பிறகு வாய்ப் பகுதியைத் தனியாகச் சூடாக்கி, கைக்கருவியைச் சுழற்றி முடிப்பார்கள், அந்தச் சுழற்சியில் மேல்பக்கக் கோடு அழிந்துவிடும். அப்போது பாட்டிலை எதையாவது கொண்டு பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக அடியில் ஒரு கம்பியை ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் தட்டிப் பிரித்த இடம்தான் பான்டில் தழும்பு. விரலை வைத்தால் உடைந்த கண்ணாடியின் சொரசொரப்பு தெரியும். சிலவற்றில் வெறும் இரும்புக் கம்பியை ஒட்டியதால் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ கறை தங்கியிருக்கும். 1850-களிலும் 60-களிலும் பாட்டிலின் உடம்பையே கவ்விப் பிடிக்கும் கருவி பரவியது. அப்புறம் சாதாரண பாட்டில்களில் இந்தத் தழும்பு மெல்ல மறைந்துபோனது.

நானும் ஒரு பழுப்பு மருந்து பாட்டிலில் ஏமாந்திருக்கிறேன். அடியில் பெரிய வட்டம், பான்டில்தான் என்று நினைத்துவிட்டேன். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்டம் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. உடைந்த தடமும் இல்லை, இறகு மாதிரி மெல்லிய சுருக்கம்தான், தடவினால் வழவழப்பு. அச்சுக்கோடோ வாய் விளிம்பு வரை போயிருந்தது. அது ஓவன்ஸ் இயந்திரத்தின் உறிஞ்சுத் தழும்பு. உருகிய கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சி, அடியில் கத்தியால் அறுத்துவிடும் இயந்திரம் அது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் அதை உருவாக்கியது 1903 வாக்கில். அதாவது நான் நினைத்ததைவிட பாட்டிலுக்கு குறைந்தது 40 வயது குறைவு.

கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதை வைத்தே வருடத்தைக் கணிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கழுத்தின் பாதியில் நிற்பதும் வாய்க்குக் கீழே வந்து நிற்பதும், தொழிலாளி கருவியை எவ்வளவு ஆழமாக இறக்கிச் சுழற்றினார் என்பதைப் பொறுத்தது. ஒரே பட்டறையில் ஒரே நாளில் இரண்டும் வந்திருக்கலாம்.

உங்கள் பாட்டிலில் தழும்பு சொரசொரப்பாக இருந்து, கோடும் வாய்க்குக் கீழேயே நின்றால் 1860-களுக்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இன்றைக்கும் கையால் ஊதும் அலங்காரப் பாட்டில்களில் பான்டில் தழும்பு விழுகிறது, அதனால் அடி விளிம்பில் பல வருடத் தேய்மானம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.