ஆழ்கடல் தரையில் சுண்ணாம்பு காணாமற்போகும் எல்லை

ஆழம் கூடிய கடற்பகுதிகளின் தரையில் சுண்ணாம்பு ஓடுகளே இல்லையாமே, ஏன்? கடல் அமிலமானால் அந்த எல்லை மேலே வருமா?

ஆம், வரும், முன்பு வந்தும் இருக்கிறது. ஃபோராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர்களின், கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தாலான ஓடுகள் கடலெங்கும் மேலிருந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கீழே செல்லச் செல்ல அழுத்தம் கூடுவதாலும், மட்கும் உயிர்ப்பொருள்கள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு நீரிலுள்ள கார்பனேட் அயனிகளைக் குறைப்பதாலும் அவை கரையத் தொடங்குகின்றன. விழும் அளவும் கரையும் அளவும் சமமாகும் ஆழமே நீங்கள் கேட்கும் எல்லை. கரைதல் தொடங்கும் ஆழம் அதற்கும் மேலே உள்ளது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அட்லாண்டிக்கில் இந்த எல்லை ஏறத்தாழ 5,000 மீட்டர். நெடுங்காலம் மேற்பரப்பைக் காணாத நீர் நிறைந்த பசிபிக்கின் பெரும்பகுதியில் 4,200 முதல் 4,500 மீட்டர்.

2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில், வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த படிவுகளில், வெண்ணிறச் சுண்ணாம்புச் சேற்றின் நடுவே சிவந்த களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் வெளியாகிக் கடல் அமிலமானபோது, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அந்த எல்லை 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்ததையே அது காட்டுகிறது. பழைய நிலை திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பாறைகள் சிதைந்து ஆறுகள் கொண்டுவரும் கரைபொருள்களே அதை மெல்ல ஈடுசெய்தன. அந்தக் களிமண்ணை வாசிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை: அமிலநீர் ஏற்கனவே படிந்திருந்த ஓடுகளையும் கரைத்துவிடுவதால், அடுக்கின் அடிப்பகுதி நிகழ்வுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.