ஹெச்பிவி தடுப்பூசி: எந்த வயதில், எத்தனை ஊசி, எதற்கு இது உதவாது?

மகப்பேறு மருத்துவராக இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸைத் தடுக்கும் ஊசி பற்றி என் அறைக்கு வரும் அம்மாக்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே வந்திருக்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தேனியிலிருந்து ஓர் அம்மா: பொண்ணுக்கு 12 வயசு, இன்னும் வயசுக்கு வரல. வந்த பிறகு போட்டாப் போதும்னு மாமியார் சொல்றாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுட்டா சரிதானே?

மாமியார் சொல்வதில் பாதி சரி. திருமணத்துக்கு முன்பு என்பது சரி. ஆனால் பூப்பெய்துவதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 9 வயதிலிருந்தே போடலாம்.

இந்த வைரஸ் உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகிறது. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலோடு போன்ற ஒரு புரதம் மட்டும்தான். உள்ளே மரபுப்பொருள் கிடையாது, அதனால் நோய் வர வழியே இல்லை. அந்த மேலோட்டைப் பார்த்து உடல் எதிரியை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். வைரஸ் உள்ளே நுழைந்து உட்கார்ந்த பிறகு ஊசி போட்டால் அதை வெளியேற்ற முடியாது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் போடச் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் 2008-இல் பள்ளிகளில் இதைப் போட ஆரம்பித்தார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, 12-13 வயதில் ஊசி வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 16-18 வயதில் கிடைத்தவர்களிடம் 34 சதவீதம்தான் குறைந்தது. இரண்டு குழுவுக்கும் போட்டது அதே ஊசிதான். பெரிய பிள்ளைகளில் சிலர் அதற்குள் வைரஸைச் சந்தித்திருப்பார்கள், ஊசி போட்டுக்கொண்டவர்களும் அந்த வயதில் குறைவு. இன்னொன்று, 15 வயதுக்குள் போடும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பு அதிகம். 12 வயது நல்ல வயது, தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உங்கள் ஊரில் எப்போது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சேலத்திலிருந்து ஓர் அப்பா: மகளுக்கு முதல் ஊசி போடும்போது 14 வயது 10 மாதம். இரண்டாவது போடும்போது 15 தாண்டிவிடும். அப்படியானால் மூன்று ஊசி என்று சொல்லி மூன்றுக்கும் பணம் கேட்கிறார்கள்.

இரண்டு போதும். முதல் ஊசி போட்ட அன்று வயது என்ன என்பதுதான் கணக்கு. 15-ஆவது பிறந்தநாளுக்கு முன் ஆரம்பித்தவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு. அதன் பிறகு ஆரம்பித்தால் 0, 2, 6 மாதங்கள் என்று மூன்று. வைரஸின் நான்கு வகைகளைத் தடுக்கும் இந்தியத் தயாரிப்பான செர்வாவேக் ஊசியின் உரிமத்திலும் இதே அட்டவணைதான். ஊசி ஒன்று சுமார் 2000 ரூபாய் என்பதால் உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

கோவையிலிருந்து ஒரு அக்கா: மகளுக்கு 12 வயசு. ஜனவரி 10-ல முதல் ஊசி, மார்ச் 12-ல ரெண்டாவது. ‘ரெண்டும் முடிஞ்சுது, இனி வர வேண்டாம்’னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. இப்ப படிச்சுப் பார்த்தா ஆறு மாசம்னு போட்டிருக்கு. பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அட்டவணைப்படி முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரியவர்களின் அட்டவணையைக் குழந்தைக்குப் பிடித்துவிட்டார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு ஊசித் திட்டத்தில் இடைவெளி ஐந்து மாதத்துக்குக் குறைந்தால் மூன்றாவது ஒன்று வேண்டும் என்பது விதி. முதல் ஊசி எதிர்ப்புச் செல்களைத் தயார்செய்கிறது, அவை பழுக்க சில மாதங்கள் ஆகும். பழுத்த பிறகு வரும் ஊசிதான் அவற்றை நன்றாகத் தட்டி எழுப்பும்.

உங்கள் மகளுக்குத் தேதி பார்ப்போம். மூன்றாவது ஊசி இரண்டாவதிலிருந்து 12 வாரமாவது தள்ளி இருக்க வேண்டும், அது ஜூன் 4. முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் ஜூலை 10. இரண்டில் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 10 அல்லது அதற்குப் பிறகு ஒரு நாள் போட்டுவிட்டால் முடிந்தது.

தாமதமானால் என்ன என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த ஊசியை இடைவெளி முடியும் முன்பே போடுவதுதான் தப்பு.

பெயர் சொல்லாத ஒருவர்: 2010-ல ஆந்திராவுல இந்த ஊசி போட்ட பிள்ளைங்க செத்துப் போனாங்களே, அதை மறைக்கிறீங்களா?

மறைக்கவில்லை. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த திட்டத்தில் ஊசி போட்ட பெண் பிள்ளைகளில் ஏழு பேர் இறந்தார்கள். விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, விஷம், மலேரியா போன்ற காரணங்கள் தெரியவந்தன. ஊசிதான் காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது பெரிய தவறு. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் நேரில் அடிக்கடி பார்க்கும் பக்கவிளைவுகள் கைவலி, லேசான காய்ச்சல், மயக்கம். மயக்கம் ஊசி பயத்தில் வருவது. அதனால் போட்டபின் 15 நிமிடம் உட்கார வைத்துத்தான் அனுப்புவேன்.

நர்சிங் கல்லூரி ஆசிரியர் ஒருவர்: உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரிலேயே 9 முதல் 20 வயது வரை ஒரே டோஸ்கூடப் போதும் என்று சொல்லிவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் இரண்டு, மூன்று என்கிறீர்கள்?

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு, மேலே சொன்ன 2010 குழப்பத்தோடு தொடர்புள்ளது. அப்போது இந்தியாவில் வேறொரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதற்காக 10-18 வயதுப் பெண்கள் 17,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்திருந்தார்கள். அரசு எல்லா ஹெச்பிவி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னதும் அங்கும் ஊசி நின்றது. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு ஊசியோடு முடிந்துபோனது. யாரும் திட்டமிடாத குழு அது. பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, புற்றுநோய் உண்டாக்கும் 16, 18 வகை வைரஸ் உடலில் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு ஊசிக்காரர்களுக்கும் 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. உலக நிறுவனத்தின் முடிவுக்கு வலு சேர்த்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அப்படியிருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆய்வு அளந்தது வைரஸ் தங்குவதை, புற்றுநோயை அல்ல. அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடும்போது ஒரு ஊசி சரியான முடிவு. எல்லோருக்கும் ஒன்று கிடைப்பது, சிலருக்கு மட்டும் இரண்டு கிடைப்பதைவிட மேல். தனியாகக் காசு கொடுத்துப் போடுபவரிடம் உரிமத்தில் உள்ளபடி இரண்டு என்கிறேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத மருத்துவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கும் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் மட்டும் ஒன்று போதவே போதாது, மூன்று போடுவதே நல்லது.

கனடாவிலிருந்து, ஊர் யாழ்ப்பாணம்: மகளுக்கு ஊரில ஆறாம் வகுப்பில ரெண்டு ஊசியும் போட்டாச்சு. இஞ்ச பள்ளிக்கூடத்தில திரும்பவும் படிவம் தந்திருக்கினம். போடவேணுமோ?

வேண்டாம். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள், அது முழுமையானது. ஊசி அட்டையைக் காட்டி, தேதிகளைப் பதியச் சொல்லுங்கள்.

சென்னை, 34 வயது: எனக்கு ரெண்டு குழந்தைங்க. நானும் போட்டுக்கலாமா? அதுக்கு முன்னாடி வைரஸ் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கணுமா?

ஊசிக்காக டெஸ்ட் வேண்டாம். போடலாமா என்றால், போடலாம், ஆனால் உங்கள் வயதில் பலன் குறைவு. செர்வாவேக் உரிமம் 26 வயது வரைதான். உங்களுக்கு என்றால் ஒன்பது வகை வைரஸைத் தடுக்கும் கார்டசில், மூன்று ஊசி. விலை பல மடங்கு. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்யுங்கள் என்பேன். ஹெச்பிவி டெஸ்ட் இயல்பாக வந்தால் ஐந்து வருடம் கழித்து அடுத்தது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் என்றால் மூன்று வருடம். அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையும் உண்டு. இரண்டுக்கும் வசதி இருந்தால் ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன்.

திருச்சி, கல்லூரி மாணவி: மூணு ஊசியும் முடிச்சிட்டேன். இனிமே கேன்சர் டெஸ்டே வேண்டாம்தானே? எங்க அம்மாவுக்கு சினைப்பைல கேன்சர். நல்லவேளை, எனக்கு அது வராது.

அம்மாவுக்கு உடம்பு தேறட்டும். ஆனால் நீங்கள் நினைப்பது இரண்டுமே சரியில்லை.

சினைப்பைப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ் காரணம் அல்ல. கருப்பையின் உள்சுவரில் வருவதற்கும் அப்படித்தான். ஊசி அவற்றைத் தொடாது. சினைப்பைப் புற்றுநோய் சில குடும்பங்களில் மரபாக வரும், அம்மாவின் மருத்துவரிடம் மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள். உங்களுக்கு அதுதான் இப்போது முக்கியம்.

கர்ப்பப்பை வாயிலும் ஊசி எல்லாவற்றையும் மூடுவதில்லை. நான்கு வகை வைரஸைத் தடுக்கும் ஊசியில் புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் 16, 18 இரண்டுதான். உலக அளவில் சுமார் 70 சதவீதம் இவற்றால் வருவது. ஒன்பது வகை ஊசி இன்னும் ஐந்தைச் சேர்த்து சுமார் 90 வரை போகும். மீதி எப்போதும் இருக்கும். அதனால் 30 வயதானதும் எல்லோரையும்போல நீங்களும் பரிசோதனைக்கு வர வேண்டும். நடுவில் உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய்க்கு இடையில் ரத்தம் என்று ஏதாவது வந்தால், ஊசி போட்டிருக்கிறேனே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

மதுரை: பையன் கையில நிறைய மரு. இந்த ஊசி போட்டா உதிர்ந்துடுமா?

உதிராது. கையில் வரும் மருவுக்கு வேறு வகை வைரஸ்கள் காரணம். ஊசியில் உள்ள 6, 11 வகைகள் பிறப்புறுப்பில் வரும் மருவைத் தடுக்கும், அதையும் வந்த பிறகு கரைக்காது. கைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பையனுக்கு ஊசி போடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆண்களுக்கும் ஆசனவாயில் இந்த வைரஸால் புற்றுநோய் வரும், செர்வாவேக்குக்கு ஆண் பிள்ளைகளுக்கும் உரிமம் உண்டு. அது தனிக் கணக்கு.

விழுப்புரம், 24 வயது: முதல் ஊசி போட்டு மூணு வாரத்துல கர்ப்பம்னு தெரிஞ்சது. கலைக்கணுமான்னு வீட்ல கேக்குறாங்க.

கலைக்கவே வேண்டாம். தெரியாமல் போட்டுக்கொண்ட எத்தனையோ பெண்களைக் கவனித்ததில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. மீதி இரண்டு ஊசியைப் பிரசவம் வரை நிறுத்தி வைப்போம். தாய்ப்பால் கொடுக்கும்போது போடலாம், குழந்தைக்கு முதல் தடுப்பூசிகள் போட வரும் நாளிலேயே உங்களுக்கும் இரண்டாவதைப் போட்டுக்கொள்ளுங்கள்.