பதினோரு மணிக்கு இண்டர்வியூ, ஐந்து மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி

தம்பி,

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று படித்ததும்தான் மேலே படிக்க மனம் வந்தது. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை 11 மணி இண்டர்வியூவுக்கு, 10.50க்கு எச்.ஆருக்கு வாட்ஸப்பில் 'ஃபேமிலி எமர்ஜென்சி, வர முடியவில்லை சார்' என்று அனுப்பியிருக்கிறீர்கள். காலண்டர் அழைப்பில் 'No' என்பதையும் அழுத்திவிட்டீர்கள். பதில் இல்லை. வேலை போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். உங்களை நேர்காணல் செய்ய இருந்தவர் எச்.ஆர் அல்ல, ஏதோ ஒரு டீமில் வேலை செய்யும் இன்ஜினியர். அவருக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் 'வரவில்லை' என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும், காரணம் போகவில்லை. எச்.ஆருக்குக் காரணம் தெரிந்தது, எப்போது வருவீர்கள் என்பது தெரியவில்லை. நீங்கள் திரும்ப வருவீர்களா என்றே தெரியாதபோது, அந்த இன்ஜினியரிடம் போய் இன்னொரு நேரம் கேட்க அவருக்கு என்ன அவசியம்?

காலை ஆறரைக்கு ஆம்புலன்ஸில் மெயில் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு, எட்டரைக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே காத்திருந்த நேரத்தில் ஒரு போன் செய்திருக்கலாம். எடுக்காவிட்டால் இரண்டு வரி: 'அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், இன்று 11 மணிக்கு வர இயலாது, புதிய நேரத்தை நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்.' அன்று அதற்கு மேல் தேவையே இல்லை.

சரி, இன்று செவ்வாய், 17ஆம் தேதி. இப்போதே எழுதுங்கள். புதிய மெயில் வேண்டாம், அவர்கள் இண்டர்வியூவை உறுதிசெய்து அனுப்பிய மெயிலுக்கே 'Reply all' கொடுங்கள். அதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் காரணம் போய்ச் சேரும், பழைய விவரமும் கீழேயே இருக்கும்.

எழுதுமுன் ஒரு வேலை. டிஸ்சார்ஜ் எப்போது என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். வியாழன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வியாழனைக் கொடுக்காதீர்கள். 'காலையில் போகலாம்' என்பார்கள். பில், காப்பீட்டு ஒப்புதல் என்று சாயங்காலம் ஆகிவிடும். அந்த வரிசையில் நின்றவன் சொல்கிறேன். முதல் முறை தள்ளிவைத்தால் புரிந்துகொள்வார்கள். நீங்களே கேட்டு வாங்கிய நேரத்தையும் தவறவிட்டால் மூன்றாவது வாய்ப்பு அநேகமாக வராது. அதனால் சீக்கிரமான நாளைவிட, உங்களால் உறுதியாக வர முடிகிற நாள்தான் முக்கியம். அந்த நேரத்தில் அப்பாவோடு யார் இருப்பார்கள் என்று சித்தப்பாவிடமோ அக்காவிடமோ இப்போதே பேசிவிடுங்கள்.

மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்:

'வணக்கம். 16ஆம் தேதி காலை 11 மணி நேர்காணலுக்கு வர இயலாமல் போனதற்கும் கடைசி நிமிடத்தில் தெரிவித்ததற்கும் மன்னிக்கவும். அன்று அதிகாலை என் தந்தைக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது நலமாக இருக்கிறார். இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. கீழ்க்கண்ட நேரங்களில் கலந்துகொள்ள முடியும்: 20 வெள்ளி மதியம் 2 முதல் 5 வரை, 23 திங்கள் காலை 10 முதல் 1 வரை, 24 செவ்வாய் காலை 10 முதல் மாலை 5 வரை. இவை பொருந்தாவிட்டால் 23ஆம் தேதி தொடங்கும் வாரத்தில் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்.'

கீழே உங்கள் பெயர், போன் எண், எந்தப் பணிக்கு விண்ணப்பித்தீர்கள் என்பது. அவ்வளவுதான்.

'வெள்ளி 3 மணி' என்று ஒற்றை நேரமாகக் கொடுத்தால் அந்த இன்ஜினியருக்கு அப்போது வேறு மீட்டிங் இருக்கும், மறுபடி மெயில் போக்குவரத்து. 'எப்போது வேண்டுமானாலும்' என்பதும் உதவாது. நாளைக் காலை ஒன்பதுக்கு வா என்றால் என்ன செய்வீர்கள்? இப்படிச் சில மணி நேர இடைவெளியாகக் கொடுத்தால் அவர்கள் அதற்குள் பொருத்திக்கொள்வார்கள். ஆஞ்சியோ ரிப்போர்ட்டை இணைக்காதீர்கள். கேட்டால் அட்மிஷன் சீட்டு போதும்.

மெயில் போனதும் எச்.ஆருக்கு வாட்ஸப்பில் 'விவரமாக மெயில் அனுப்பியிருக்கிறேன்' என்று ஒரு வரி. வியாழன் மதியம் வரை பதில் இல்லையென்றால் ஒரு முறை போன் செய்யுங்கள். நீங்களே செய்யுங்கள், அம்மா வேண்டாம். அப்போதும் பிடிகொடுக்காவிட்டால் வெள்ளி நேரத்தை விட்டுவிட்டு, திங்களும் செவ்வாயும் இன்னும் இருக்கிறது என்று அதே மெயிலுக்குக் கீழே எழுதுங்கள். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பிக்கலாம்.

இது நீங்களாக விண்ணப்பித்த வேலை என்பதால் நேரடியாக எழுதச் சொல்கிறேன். கல்லூரி கேம்பஸ் டிரைவாக இருந்திருந்தால் முதல் போன் பிளேஸ்மெண்ட் ஆபீசருக்குத்தான் போயிருக்க வேண்டும். அங்கே கம்பெனிக்காரர்கள் சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். புதிய தேதி கேட்பதைவிட, பிறகு ஆன்லைனில் எடுக்க முடியுமா என்று அவர் மூலம் கேட்பதே நடக்கக்கூடியது.