காலி செய்த வீட்டின் டெபாசிட்டை வழக்குப் போட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். நாற்பது நாள் கழித்து, 3,000 டாலர் டெபாசிட்டில் 600 டாலரை மட்டும் அனுப்பிவிட்டு, மீதி பெயிண்டுக்கும் கார்பெட்டுக்கும் சரியாகிவிட்டது என்று உரிமையாளர் ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். வக்கீல் வைத்தால் அதற்கே பணம் போய்விடும். நானே வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். இதற்கான இடம் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். தனிநபர் ஒருவர் அங்கே 12,500 டாலர் வரை கேட்கலாம். விசாரணையில் இரு தரப்புக்காகவும் வக்கீல்கள் வாதாட முடியாது என்பதால், உரிமையாளரும் உங்களைப் போலவே தானே பேச வேண்டியிருக்கும். வீடு சன்னிவேலில் இருப்பதால் சான்டா கிளாரா கவுன்ட்டி நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த நாற்பது நாள்தான். கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 1950.5ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் வெளியேறிய 21 நாள்களுக்குள், பிடித்தம் செய்த ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகக் காட்டும் கணக்கையும் மீதிப் பணத்தையும் உரிமையாளர் கொடுத்துவிட வேண்டும். பழுதுபார்ப்புக்கும் சுத்தம் செய்வதற்கும் பிடித்தது 125 டாலரைத் தாண்டினால் ரசீது நகல்களையும் அத்துடன் இணைக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்ட உரிமையாளர், டெபாசிட்டிலிருந்து தாமாகப் பிடித்துக்கொள்ளும் உரிமையை இழந்து முழுத் தொகையையும் திருப்பித் தரக் கடமைப்படுகிறார் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆனால் வீட்டுக்கு உண்மையிலேயே சேதம் ஏற்பட்டிருந்தால், அதை நிரூபித்து ஈடு கேட்கும் வழி அவருக்கு அதன் பிறகும் திறந்தே இருக்கிறது. கெடு தாண்டியதை மட்டும் நம்பி வெறுங்கையோடு நீதிமன்றம் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே பெயிண்டுக்கும் கார்பெட்டுக்கும் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பணம் தர வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளில் மங்கிப்போன சுவர் அந்த வகையைச் சேர்ந்தது. கார்பெட்டில் நீங்களே ஆழமான கறை ஏற்படுத்தியிருந்தாலும், புதிய கார்பெட்டின் முழு விலையையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. பத்து ஆண்டு உழைக்கக்கூடிய கார்பெட், நீங்கள் குடிவந்தபோதே ஐந்து ஆண்டு பழையது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வெளியேறும்போது அதற்கு எஞ்சியிருந்த ஆயுள் ஓர் ஆண்டுதான். புதியதன் விலை 1,500 டாலர் என்றால், நியாயமாகக் கேட்கக்கூடியது 150 டாலர். பிடித்த தொகை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் சட்டப்படி உரிமையாளருடையதே. மேலும் 2025 ஏப்ரல் 1 முதல், வீடு கைக்கு வந்ததும் வேலை தொடங்கும் முன்பும் வேலை முடிந்த பிறகும் அவர் புகைப்படம் எடுத்தாக வேண்டும். நீங்கள் வெளியேறியது அந்தத் தேதிக்குப் பிறகு என்றால், அந்தப் படங்கள் எங்கே என்று நீதிபதி முன் தயங்காமல் கேளுங்கள்.

முதலில், முழு டெபாசிட்டில் பாக்கியுள்ள 2,400 டாலரைக் குறிப்பிட்ட தேதிக்குள் தரும்படி கடிதம் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஏற்கெனவே கேட்டீர்களா என்று SC-100 மனுவிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பணத்தை நிறுத்தி வைத்தவர் மீது, டெபாசிட்டைப் போல இரு மடங்கு வரை கூடுதல் தொகையும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதையும் சேர்த்தால் 2,400உம் 6,000உம் ஆக 8,400 டாலர் வரை கேட்கலாம். அப்போது மனுக் கட்டணம் 75 டாலர், வென்றால் அதுவும் திரும்ப வரும். தாமதம் மட்டுமே கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகாது. கணக்கும் ரசீதும் கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு அவர் பதிலே தராததும், செய்யாத வேலைக்குப் பணம் பிடித்ததும்தான் அதைக் காட்டும். எழுத்தில் கேட்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகவே.

மனுவை அவரிடம் நீங்களே கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிறைந்த ஒருவர், விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு அதை நேரில் கொடுக்க வேண்டும். உரிமையாளர் வேறு கவுன்ட்டியில் வசித்தால் 20 நாள். வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளராக ஒரு எல்எல்சி நிறுவனம் இருந்தால் வழக்கு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். பெயர் தவறினால், கையில் தீர்ப்பு இருந்தும் பணத்தை வசூலிக்க வழியில்லாமல் போகலாம்.

வழக்குப் போட்டவருக்கு இங்கே மேல்முறையீடு கிடையாது, எதிர்தரப்புக்கு மட்டுமே உண்டு. எனவே ஒப்பந்தம், குடிவந்தபோதும் வெளியேறியபோதும் நீங்கள் எடுத்த படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே முழுமையாகக் கொண்டு செல்லுங்கள். தீர்ப்புத் தொகையை நீதிமன்றம் வசூலித்துத் தராது. அவர் தராமல் இழுத்தடித்தால், EJ-001 படிவத்தில் தீர்ப்பின் சுருக்கத்தை வாங்கி, அவருடைய சொத்து இருக்கும் கவுன்ட்டியின் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். உங்களுக்குத் தர வேண்டிய பணம் அவருடைய வீட்டின் மீது ஏறும் கடனாகிவிடும். அந்த வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ போகும்போது அவர் அதைத் தீர்த்தாக வேண்டிவரும்.