காய்ச்சல் விட்ட பிறகும் நாடி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு 36 வயது. மூன்று நாள் 102 டிகிரி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்தன. காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. எப்போதும் 66 இருக்கும் நாடித்துடிப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90 காட்டுகிறது. பரிசோதனை நிலையத்துக்காரர் ஒருவர் முழு இதயப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார். செய்ய வேண்டுமா?

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம், தாறுமாறான துடிப்பு ஆகியவை இல்லாதவரை, நீங்கள் சொல்வது நோயிலிருந்து தேறிவரும் உடம்பின் கணக்குதான்.

காய்ச்சல் இருந்தபோது ஏறியதற்குக் காரணம் எளிது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி ஏறக்குறைய 8 முதல் 10 துடிப்பு கூடும். உங்கள் 102 ஃபாரன்ஹீட் கணக்கு; செல்சியஸில் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி கூடியிருந்தது. வெப்பத்தால் மட்டுமே 85 வரை போயிருக்கும். அந்தப் பங்கு காய்ச்சலோடு போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீரிழப்பின் பங்கு.

உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் 70 மில்லி இரத்தம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 66 முறை துடித்தால் நிமிடத்துக்கு 4.6 லிட்டர். வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் நீரும் உப்பும் போனதால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. துடிப்புக்கு 55 மில்லிதான் தள்ள முடிகிறது. அதே 4.6 லிட்டரைத் தர இப்போது 84 முறை துடித்தாக வேண்டும். மீதி ஐந்தாறு துடிப்பு, கிருமியோடு போராடிய அழற்சி இன்னும் முழுதாக அடங்காததாலும் நாள்கணக்கில் படுத்தே கிடந்ததாலும் வருவது. கிருமி ஒழிந்த அன்றே அழற்சி அடங்கிவிடாது.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் பாதி சிறுநீராகிவிடும். நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்க உதவுவது உப்பு. ஆகவே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, உறையில் சொன்ன அளவு நீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பொட்டலம், இரட்டிப்பு நீர் என்று சொந்தக் கணக்கு வேண்டாம். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்’ என்று அழைப்பவர்களிடம் போகாதீர்கள். அந்தச் சர்க்கரை எரிந்து தீர்ந்ததும் எஞ்சும் வெறும் நீரில் சிறு பங்குதான் குழாய்க்குள் நிற்கும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசி எதற்கு? பாட்டிலில் வருமானம் இருக்கிறது, பொட்டலத்தில் இல்லை. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நீர் இன்னும் குறைகிறதா என்பதை வீட்டிலேயே அறியலாம். காலையில் காபிக்கு முன் ஐந்து நிமிடம் படுத்திருந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 30 அல்லது அதற்கு மேல் கூடினாலோ நிற்க முடியாதபடி தலை சுற்றினாலோ நீர் போதவில்லை. கைக்கடிகாரக் கருவியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காதீர்கள். பதற்றமே பத்துத் துடிப்பு கூட்டும். மூக்கடைப்புக்கு விழுங்கும் சில மாத்திரைகளும் கூட்டும். காலை எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதே முக்கியம். சில நாளில் இறங்கிவிடும். கடுமையான தொற்றானால் ஓரிரு வாரமும் ஆகலாம்.

ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனொலால், மெட்டொப்ரொலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அந்த மருந்து நாடியைப் பிடித்து நிறுத்திவிடும். உடம்பு வற்றிக்கிடந்தாலும் எண் 78 என்றுதான் காட்டும். வீட்டார் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இவர்கள் எண்ணை நம்பாமல் நாக்கு வறட்சி, சிறுநீர்க் குறைவு, எழும்போது கண் இருட்டுதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் போய், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். யாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நாடியை எண்ணாமலேயே சீட்டில் 72 என்று எழுதும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் விஷயத்தில், காய்ச்சல் விட்ட பிறகு நாடி இறங்குவதற்குப் பதிலாக ஏறினாலோ, ஓய்வில் 120ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அதற்கு முதலில் வேண்டியது மருத்துவரின் நேரடிச் சோதனையும் ஒரு ஈசிஜியும். தரகர் விற்கும் நாற்பது பரிசோதனைகள் அல்ல. அதுவரை ஓட்டமும் உடற்பயிற்சியும் வேண்டாம். காலை எண்ணிக்கை பழைய 66ஐ நெருங்கிய பிறகு மெதுவாகத் தொடங்குங்கள்.