பேச்சைக் கட்டுரையாக்கும்போது எதுவரை கை வைக்கலாம்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நெசவாளர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்து எழுதி வைத்திருக்கிறேன். முழுக்க இப்படித்தான் இருக்கிறது: "அப்ப வந்து எழுபத்தெட்டுல, இல்ல இல்ல, எங்கண்ணன் கல்யாணத்துக்கு அப்புறம், எண்பதுன்னு வச்சுக்குங்க, சங்கத்துல கூலிய கொறச்சுட்டாங்க, கொறைக்கல, ஏத்தாம விட்டுட்டாங்க. அதான் அப்பா தறிய வித்தாருன்னு நினைக்கிறேன், அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க." இதில் எதுவரை கை வைக்கலாம்?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

பலரும் இதை "1980-இல் சங்கம் கூலியைக் குறைத்ததால் அப்பா தறியை விற்றார்" என்று முடித்துவிடுவார்கள். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. கூலியைக் குறைத்தார்கள் என்பதை அவரே மறு நொடியில் திருத்திவிட்டார், ஆண்டு உத்தேசம், காரணமோ அம்மா சொல்லிக் கேட்டது. நான் இப்படி எழுதுவேன்:

"எண்பது வாக்கில், அண்ணன் கல்யாணத்துக்கு அப்புறம், சங்கத்தில் கூலியை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அப்பா தறியை விற்றார் என்று நினைக்கிறேன். அம்மா அப்படித்தான் சொல்வார்."

'அப்ப வந்து', எழுபத்தெட்டு, கூலியைக் குறைத்த பேச்சு எல்லாம் போய்விட்டன. ஒருவர் தன்னைத் தானே திருத்திக்கொண்டால் கடைசியாகச் சொன்னதுதான் அவர் சொன்னது. ஆனால் 'நினைக்கிறேன்' போகக் கூடாது, அது வெறும் இழுவை இல்லை, தனக்கு எவ்வளவு உறுதி என்று அவர் சொல்லும் இடம். கல்யாணமும் இருக்கட்டும், ஆண்டை அவர் கணக்கிடுவதே அதை வைத்துத்தான்.

அப்புறம், பத்தாவது நிமிடத்தில் சொன்னதையும் ஐம்பதாவது நிமிடத்தில் சொன்னதையும் ஒரே விஷயமென்றால் பக்கத்தில் வைக்கலாம், பேச்சு அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். நடுவில் 'ஆகவே', 'இதனால்' என்று நீங்களாக ஒன்றைப் போட்டு ஒட்டினால், அவர் சொல்லாத ஒரு காரணத்தைச் சொன்னவராகிவிடுவார், அதனால் பத்தி பிரித்து விட்டுவிடுங்கள்.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது நம் கேள்வி. "அப்போ கோபம் வந்ததா?" என்று நீங்கள் கேட்டு, அவர் "ஆமா" என்று மட்டும் சொல்லியிருந்தால், "எனக்குக் கடும் கோபம் வந்தது" என்று அவர் வாயால் எழுத முடியாது. கோபம் என்ற சொல் உங்களுடையது. கேள்வியையும் சேர்த்தே போடுங்கள், இல்லையென்றால் "கோபம் வந்ததா என்று கேட்டேன், ஆமாம் என்றார்" என்று எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒலிப்பதிவின் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். குறிக்க நிமிடம் கிடைக்காத வாக்கியம் நீங்கள் எழுதியது, அவர் பேசியது இல்லை, அதை எடுத்துவிடுங்கள் அல்லது மேற்கோளுக்கு வெளியே உங்கள் குரலில் வையுங்கள். எழுத்துப் பிரதியை வைத்து மட்டும் சரிபார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள், ஏனென்றால் "கொறைக்கல" என்பது பிரதியில் விடுபட்டிருந்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

கடைசியில் ஐயமான இடங்களை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "சங்கத்துல ஏத்தாம விட்டுட்டாங்க" என்றாரே, கூலியை ஏற்றாமல் விட்டது சங்கத்து நிர்வாகமா, ஜவுளி வாங்கிய வியாபாரிகளா? அவர் சொல்லும்வரை நிர்வாகம் என்று எழுத வேண்டாம்.